செங்கல் விளிம்பு ஏன் தேயவில்லை? சேரன்மகாதேவிச் சுவர் ஒன்றை நோடுகளில் கட்டும்போது வரும் பிழைகள்

சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாயை ஒட்டிய தெரு ஒன்றில் பூச்சு உதிர்ந்த பழைய சுற்றுச்சுவர் இருக்கிறது. அதைப் பிளெண்டரில் கட்ட வேண்டிய வேலை எனக்கு வந்தது. புகைப்படத்தை ஒட்டி வேலையை முடித்துவிடக் கூடாது, அருகில் போனாலும் ஒவ்வொரு கல்லும் நிற்க வேண்டும் என்பதால் முழுவதும் நோடுகளாலேயே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவுடன் போய் அளந்தேன். கல் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம்; இடையே அரை அங்குலக் காரை. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று கல்லை 228 × 76 மில்லிமீட்டராகவும் காரையை 12 மில்லிமீட்டராகவும் வைத்துக்கொண்டேன். கல்லும் காரையும் சேர்ந்த ஒரு கட்டம் 240 × 88 மில்லிமீட்டர்.

வழியில் வந்த பிழைகளை, திரையில் என்ன தெரிகிறது என்ற அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம். ஆனால் இரண்டாவது பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன.

ஒரு முன்னேற்பாடு. கல் எங்கே தேய வேண்டும் என்று காட்டும் மாஸ்க்கைச் சோதிக்கும்போது அதை நிறத்தில் கலந்து பார்க்காதீர்கள். `Emission` நோடில் நேராக இணைத்து, `View Transform` என்பதை `Raw` ஆக்கிக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். `AgX`, `Filmic` இரண்டும் எண்களின் வெளிச்சத்தை மாற்றிக் காட்டும். 0.25 என்ற மதிப்பை 0.25 ஆகவே பார்க்க வேண்டிய வேலை இது.

## கற்கள் தெரியவில்லை, செங்குத்துக் கோடுகள் மட்டும் தெரிகின்றன

`Brick Texture` நோடு தனக்கு வரும் வெக்டரில் X, Y இரண்டை மட்டுமே பார்க்கிறது. நிற்கும் சுவரின் உயரமோ Z திசையில் இருக்கிறது. `Texture Coordinate` நோடின் `Object` வெளியீட்டை அப்படியே இணைத்தால், உயரம் மாறினாலும் நோடுக்கு எதுவும் மாறுவதில்லை. அதனால் வரிகள் பிறக்காமல் கோடுகள் மட்டும் மேலே ஓடுகின்றன.

`Separate XYZ` வைத்துப் பிரியுங்கள். X, Y இரண்டையும் ஒரு `Math` நோடில் கூட்டி `Combine XYZ` நோடின் X இல் கொடுங்கள். Z ஐ அதன் Y இல் கொடுங்கள். X ஐ மட்டும் கொடுத்தாலும் முன்பக்கம் சரியாகிவிடும். கூட்டிக் கொடுப்பதன் பயன் சுவர் திரும்பும் இடத்தில் தெரியும்: முன்முகத்தில் Y மாறாது, பக்கமுகத்தில் X மாறாது. ஆகவே கூட்டுத்தொகை மூலையைச் சுற்றி அறுபடாமல் நடக்கிறது, வரியும் மூலையைத் தாண்டித் தொடர்கிறது. சுவரின் தலைப்பகுதிக்கு இது பொருந்தாது. அங்கே கற்கள் மூலைவிட்டமாகச் சாய்ந்து ஓடும். தலைக்கு வேறு மெட்டீரியல் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்ச் சுவர்களின் தலையில் எப்படியும் பூச்சுதான் இருக்கும்.

கற்கள் இழுபட்டுத் தெரிந்தால் பொருளின் அளவைப் பதிய வைக்கவில்லை என்று பொருள். `Ctrl+A` அழுத்தி `Scale` கொடுங்கள். அதன் பிறகு ஆயத்தொலைவின் ஓர் அலகு ஒரு மீட்டர். `Scale` 1, `Brick Width` 0.24, `Row Height` 0.088 என்று மீட்டரிலேயே எழுதலாம்.

## Pointiness இணைத்தும் கல் விளிம்பில் எதுவும் தெரியவில்லை

தேய்மானம் என்றவுடன் எல்லோரும் முதலில் போவது `Geometry` நோடின் `Pointiness` வெளியீட்டிடம். நானும் போனேன். சுவர் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வந்தது. `ColorRamp` இன் இரு முனைகளையும் எவ்வளவு நெருக்கினாலும் சாம்பல் வெளுத்தது, கறுத்தது, அவ்வளவுதான். ஒரு கல்லின் விளிம்புகூடப் பிரிந்து வரவில்லை.

காரணம் எளிது. `Pointiness` கணக்கிடப்படுவது மெஷ்ஷின் ஒவ்வொரு வெர்டெக்ஸிலும். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஓரங்கள் அதன் நார்மலுக்கு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்து ஓர் எண் தருகிறது. தட்டையான இடத்தில் 0.5, புடைத்த இடத்தில் அதற்கு மேல், குழிந்த இடத்தில் அதற்குக் கீழ். நம் சுவரின் மெஷ் தட்டையான பலகை. செங்கற்கள் அந்த மெஷ்ஷில் இல்லவே இல்லை. அவை ஷேடருக்குள் ஓடும் கணக்கு. `Bump` நோடு வெளிச்சத்தை மட்டும் ஏமாற்றுகிறது, ஒரு வெர்டெக்ஸையும் நகர்த்துவதில்லை. மெட்டீரியல் அமைப்பில் உண்மையான `Displacement` ஐ இயக்கினாலும் பயன் இல்லை. அந்த எண், ஷேடர் பரப்பை நகர்த்துவதற்கு முன்பே, மூல மெஷ்ஷிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே நம் சுவரில் இரண்டு வகை விளிம்புகள் இருக்கின்றன. சுவர் திரும்பும் மூலை மெஷ்ஷின் விளிம்பு. அதற்கு `Pointiness` உதவும். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் கணக்கின் விளிம்பு. அதன் வளைவைக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும்.

எடுக்கும் வழி இது. சுவரின் எந்தப் புள்ளியிலும் உயரம் என்ன என்று சொல்லும் ஒரு சார்பு நம்மிடம் இருக்கிறது: கல்லின் முகம் 1, காரை 0, நடுவே ஒரு சரிவு. ஒரு புள்ளியின் உயரத்தையும், அதற்கு இடம், வலம், மேல், கீழ் என்று சிறு தூரம் தள்ளி இருக்கும் நான்கு புள்ளிகளின் சராசரி உயரத்தையும் ஒப்பிடுங்கள். சுற்றத்தைவிடத் தான் உயர்ந்திருந்தால் அது புடைத்த இடம், தேயும். தாழ்ந்திருந்தால் குழிந்த இடம். அங்கே தூசி தங்கும்.

```
wear = h(x,y) - ( h(x+e,y) + h(x-e,y) + h(x,y+e) + h(x,y-e) ) / 4
```

இதை நோடில் கட்ட, உயரச் சார்பை ஒரு நோடு குழுவாக்க வேண்டும். அதற்கு `BrickHeight` என்று பெயர் வைத்தேன். உள்ளே போவது `Vector`, வெளியே வருவது `Height`. குழுவுக்குள் முதலில் ஒரு `Noise Texture`, அளவு 9. அதன் `Color` இலிருந்து மூன்று அச்சிலும் 0.5 கழித்து, 0.012 ஆல் பெருக்கி, வந்த வெக்டரோடு கூட்டுகிறோம். சூளைக் கல்லின் ஓரம் அச்சில் வார்த்தது போல நேராக இராது. இந்தச் சிறு நெளிவு அதற்காக. 0.5 கழிக்க மறந்தால் நெளிவோடு சேர்ந்து சுவர் முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

நெளிந்த வெக்டர் `Brick Texture` க்குள் போகிறது. `Mortar Size` 0.008, `Mortar Smooth` 0.5. இந்த இரண்டு எண்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். `Mortar Size` என்பது காரையின் முழு அகலம் இல்லை. கட்டத்தின் எல்லையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அளந்த தூரம். `Mortar Smooth` என்பது அந்தத் தூரத்தில் எத்தனை பங்கு சரிவாக இருக்க வேண்டும் என்ற விகிதம். எனவே எல்லையிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை தட்டையான காரை, 4 முதல் 8 வரை சரிவு, 8 க்கு மேல் கல்லின் முகம். இரு பக்கமும் சரிவின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 12 மில்லிமீட்டர். அளந்துவந்த அரை அங்குலக் காரை கிடைத்துவிட்டது.

`Fac` வெளியீடு காரையில் 1, கல்லில் 0 தருகிறது. ஒரு `Math` நோடில் 1 இலிருந்து அதைக் கழித்து `Height` க்கு அனுப்புங்கள்.

குழுவை வெளியே ஐந்து முறை வையுங்கள். ஒன்றுக்கு வெக்டர் நேராகப் போகட்டும். மற்ற நான்குக்கும் முன்னால் ஒரு `Vector Math` நோடு வைத்து (0.004, 0, 0), (-0.004, 0, 0), (0, 0.004, 0), (0, -0.004, 0) கூட்டுங்கள். நான்கின் சராசரியை நடுவிலிருந்து கழியுங்கள். நெளிவு குழுவுக்கு உள்ளே இருப்பதால் ஐந்து இடத்திலும் தனித்தனியாக நடக்கிறது. கல் எங்கே நெளிகிறதோ அங்கேயே தேய்மானமும் நெளியும்.

எண்களைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது, பின்னால் பிழை வரும்போது இந்த அளவுகோல் தேவைப்படும். நெளிவை மறந்துவிட்டு, கல் முகத்தின் நேர் ஓரத்தில், அதாவது எல்லையிலிருந்து 8 மில்லிமீட்டரில் நில்லுங்கள். அங்கே உயரம் 1. கல்லின் உட்பக்கம் 4 மில்லிமீட்டர் போனால் 1. வெளிப்பக்கம் போனால் சரிவின் அடி, 0. ஓரத்தோடு இருபுறமும் போனால் 1, 1. சராசரி 0.75, வித்தியாசம் 0.25. இப்போது கல்லின் மூலையில் நில்லுங்கள். இரண்டு திசைகளில் 1, இரண்டு திசைகளில் 0. சராசரி 0.5, வித்தியாசம் 0.5. மூலை, ஓரத்தைப் போல இரு மடங்கு தேய்கிறது. அதைக் கேட்காமலேயே கணக்கு கொடுத்துவிட்டது. கல்லின் நடுமுகத்தில் வித்தியாசம் 0. சரிவின் அடியில் −0.25, இதன் குறியை மாற்றிக் காரையோரத் தூசிக்கும் பாசிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சுவரைப் பழுதுபார்க்க வந்திருந்த கொத்தனார் ஒருவரிடம், கல் எங்கிருந்து தேயத் தொடங்குகிறது என்று கேட்டிருந்தேன். "அண்ணாச்சி, முதலில் மூலை உருளும், பிறகு ஓரம் போகும், முகம் கடைசியில்தான்" என்றார். 0.5, 0.25, 0 என்று திரையில் எண்கள் வந்தபோது அந்த வரிசை அப்படியே நின்றது. இந்த முறையை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

## தேய்மானம் அளவுகோல் வைத்து வரைந்த சட்டம் போல இருக்கிறது

ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரே கனமான, ஒரே வெளிச்சமான பட்டை தெரிந்தால், `Mortar Smooth` இன்னும் தொடக்க மதிப்பான 0.1 இல் இருக்கிறது. அப்போது சரிவு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அது சரிவே அல்ல, படி. படியிலிருந்து 4 மில்லிமீட்டருக்குள் எங்கே நின்றாலும் ஒரு பக்கத்துப் புள்ளி காரையில் விழுகிறது, விடை எங்கும் 0.25. மெல்ல மங்குவதற்கு இடமே இல்லை. 0.5 க்கு உயர்த்துங்கள். எட்டிப் பார்க்கும் தூரமும் சரிவின் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது மாஸ்க் அழகாக வருகிறது. நம் சுவரில் இரண்டும் 4 மில்லிமீட்டர்.

இதற்கு எதிரான அடையாளமும் உண்டு: மாஸ்க் முழுக் கறுப்பு. எட்டும் தூரத்தை 0.0005 என்று வைத்தால், அதே ஓரத்தில் பக்கத்துப் புள்ளி 0.5 மில்லிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. சரிவு அங்கே இப்போதுதான் மெல்ல இறங்கத் தொடங்குவதால் வித்தியாசம் 0.011 அளவே வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இணைப்பு தவறு என்று எண்ணி நோடுகளைப் பிரித்துவிடாதீர்கள். விடையை இருபதால் பெருக்கிப் பாருங்கள், விளிம்பு தெரிந்தால் தூரம்தான் குறை.

கேமரா தள்ளிப் போகும்போது விளிம்புகள் மினுமினுத்தால் அது வேறு கோளாறு. மூன்று மீட்டர்ச் சுவர் 1920 பிக்சலில் நிறைந்தால் ஒரு பிக்சல் 1.6 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் விளிம்புக்கு அது போதும். பதினைந்து மீட்டர்ச் சுவர் அதே அகலத்தில் வந்தால் ஒரு பிக்சல் 8 மில்லிமீட்டர். விளிம்பு முழுவதும் ஒரு பிக்சலுக்குள் ஒளிந்துவிடும். தொலைவுக் காட்சிக்கு மாஸ்க்கைப் படமாக பேக் செய்து பயன்படுத்துவதே நல்லது.

சட்டம் போன்ற தோற்றம் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கும். அதை உடைக்க நாய்ஸை மாஸ்க்கோடு பெருக்குகிறவர்கள் பலர். பெருக்கினால் பட்டை அப்படியே இருக்கும், ஆங்காங்கே மங்கும், அவ்வளவே. வரம்பிடுவதற்கு முன் கூட்டுங்கள். நாய்ஸிலிருந்து 0.5 கழித்து 0.3 ஆல் பெருக்கி, வளைவு மதிப்போடு கூட்டி, அதன் பிறகு `Map Range` இல் 0.08 முதல் 0.22 வரை உள்ளதை 0 முதல் 1 ஆக்குங்கள். `Smoothstep` வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இப்போது நாய்ஸ் பட்டையின் எல்லையையே கடித்துத் தின்கிறது. சில இடத்தில் கல் உள்ளே வரை சிதைகிறது, சில இடத்தில் பட்டை ஒடுங்கி ஓரத்தோடு நின்றுவிடுகிறது. நாய்ஸின் மதிப்பு பெரும்பாலும் 0.3 க்கும் 0.7 க்கும் இடையில் நிற்பதால், கூட்டும் அளவு 0.06 ஐத் தாண்டுவது அரிது. 0.08 என்ற வாசல் அதற்கு மேல் இருப்பதால் கல்லின் நடுமுகம் சுத்தமாகவே இருக்கும்.

## கல் அப்படியே இருக்கிறது, காரை தேய்கிறது

1 இலிருந்து `Fac` ஐக் கழிக்கும் நோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது கழித்தலில் மேலும் கீழும் மாறியிருக்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் இந்தக் காட்சியை மறந்துவிட வேண்டாம், கடைசிப் பகுதியில் இதையே வேண்டுமென்று கொண்டுவரப் போகிறோம்.

## சுவர் மூலைக்கு Pointiness போட்டால் சுவர் முழுவதும் வெளுக்கிறது

கல் விளிம்பு முடிந்தது. இனி தெரு முனையில் சுவர் திரும்பும் அந்த நீண்ட மூலை. இங்கே `Pointiness` ஐக் கொண்டுவரலாம் என்று போனால், எட்டு வெர்டெக்ஸ் மட்டுமே உள்ள பெட்டியில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. எட்டும் மூலைகள், எட்டிலும் ஒரே புடைப்பு மதிப்பு. முகத்தின் நடுவில் வெர்டெக்ஸ் எதுவும் இல்லாததால், நான்கு மூலைகளின் மதிப்பே நடுவிலும் பரவுகிறது. சுவர் முழுவதும் விளிம்பு என்று ஷேடர் நம்பிவிடுகிறது.

`Bevel` மாடிஃபையர் போட்டால் தீரும் என்று தோன்றும். தனியாகப் போட்டால் தீராது. பெவலுக்குப் பிறகும் பெரிய முகத்தின் நான்கு மூலைகள் பெவலின் வெர்டெக்ஸ்களே. மூலையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு லூப் கட், இன்னும் மூன்று தள்ளி மற்றொன்று. அவை தட்டையான இடத்தில் உட்கார்ந்து 0.5 என்று சாட்சி சொல்ல வேண்டும்; அப்போதுதான் புடைப்பு மூலையோடு நிற்கும். `ColorRamp` இல் 0.5 க்கும் 0.55 க்கும் இடையே முனைகளை வையுங்கள். மெஷ்ஷை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் ஒவ்வொரு வெர்டெக்ஸிலும் திருப்பம் குறைந்து மதிப்பு 0.5 ஐ நோக்கி இறங்கும். ஒரு சுவருக்குப் பொருந்திய எண் அடுத்த சுவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு `Bevel` நோடு. மாடிஃபையர் வேறு, நோடு வேறு. நோடு, சுற்றிலும் கதிர் விட்டுப் பார்த்து உருட்டிய நார்மல் ஒன்றைத் தருகிறது. `Radius` 0.02 வையுங்கள். அதன் வெளியீட்டுக்கும் `Geometry` நோடின் `Normal` க்கும் `Dot Product` எடுத்து 1 இலிருந்து கழியுங்கள். தட்டையில் 0, மூலையில் உயரும். மெஷ் நுணுக்கத்தை இது பொருட்படுத்துவதில்லை. நான் இதையே பயன்படுத்துகிறேன். ஆனால் இதற்குப் புடைத்த மூலைக்கும் குழிந்த மூலைக்கும் வித்தியாசம் தெரியாது. சுவரோடு ஒரே பொருளாகத் தூண் ஒன்று ஒட்டியிருந்தால், தூணும் சுவரும் சேரும் இடுக்கிலும் தேய்மானம் வரும். அங்கே எந்த வண்டி உரசும்? `Ambient Occlusion` நோடை `Only Local` ஆக்கி, `Distance` 0.03 வைத்து, அதன் `AO` வெளியீட்டை ஒரு `ColorRamp` இல் கூர்மையாக்கி மாஸ்க்கோடு பெருக்குங்கள். இடுக்கு இருண்டு கழிந்துவிடும்.

சுவர் மூலை மாஸ்க்கையும் கல் மாஸ்க்கையும் சேர்க்கும்போது கூட்டாதீர்கள், `Maximum` எடுங்கள். கூட்டினால் மூலையில் உள்ள ஒவ்வொரு கல்லின் ஓரமும் இரு முறை தேயும்.

## Cycles இல் தெரிவது EEVEE இல் காணவில்லை

`Pointiness`, `Bevel` நோடு இரண்டும் `Cycles` க்கு மட்டுமே உரியவை. `EEVEE` இல் அவற்றிலிருந்து பயன் இல்லை. ஐந்து குழுக்களால் கட்டிய கல் விளிம்பு வெறும் கணக்கு என்பதால் இரண்டிலும் ஒன்றுபோல் ஓடும். ஆகவே சுவர் மூலை மாஸ்க்கை மட்டும் `Cycles` இல் `Emit` வகையாக பேக் செய்து, பிறகு `Image Texture` ஆகக் கொண்டுவந்தால் போதும். பேக் செய்த மாஸ்க் வெளிறியோ கறுத்தோ முன்பு இருந்ததைப் போல இல்லாமல் வந்தால், படத்தின் `Color Space` ஐ `Non-Color` ஆக மாற்றி மீண்டும் பேக் செய்யுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் சுவர் நம் ஊர்ச் சுவராக இல்லை

இது பிழைப் பட்டியலில் இராது. ஆனால் நான் அதிக நாள் செலவிட்டது இதற்குத்தான். மாஸ்க் சரியாக வேலை செய்தது. ரெண்டரைப் புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்தால், ரெண்டரில் ஒவ்வொரு கல்லும் ஒரே அளவு தேய்ந்திருந்தது. வளைவு, எங்கே தேய முடியும் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு தேய்ந்தது என்பது கல்லைப் பொறுத்தது, தொட்டதைப் பொறுத்தது.

முதலில் கல். காளவாசலில் நெருப்புக்கு அருகே இருந்த கல் நன்றாக வெந்து கெட்டிப்படும். ஓரத்தில் இருந்தது அரைவேக்காடாக வரும். இரண்டும் ஒரே சுவரில் கலந்துதான் இருக்கும். குழுவுக்குள் இன்னொரு `Brick Texture` வையுங்கள். நெளிந்த அதே வெக்டர், அதே அளவுகள்; `Mortar Size` மட்டும் 0, `Color1` கறுப்பு, `Color2` வெள்ளை. காரை மறைந்து, கல்லுக்கு ஒரு சாம்பல் என்று தற்செயல் எண் கிடைக்கும். அதைக் குழுவின் வெளியீடாக்கி, வெளியே அதோடு 0.5 கூட்டி, நாய்ஸ் சேர்ப்பதற்கு முன் வளைவு மதிப்பைப் பெருக்குங்கள். மிகக் கெட்டியான கல்லின் ஓரம் 0.125 ஆகக் குறைந்து அரைகுறையாகத் தப்பிக்கும், மூலை 0.25 ஆகி உருளும். அரைவேக்காட்டுக் கல்லின் ஓரம் 0.375 ஆகி முழுதும் போகும். கல்லுக்குக் கல் வேறுபாடு வந்துவிட்டது.

இந்த மாஸ்க்கை நிறத்துக்கு மட்டும் கொடுத்தால் வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்தது போல ஆகும். உயரத்திலிருந்தும் கழியுங்கள்: நடுக் குழுவின் `Height` இலிருந்து மாஸ்க்கை 0.4 ஆல் பெருக்கிக் கழித்து, அதை `Bump` நோடுக்குக் கொடுங்கள், `Distance` 0.01. தேய்ந்த இடம் உண்மையில் உள்ளே போக வேண்டும்.

அடுத்து, சுவரின் அடிப்பகுதி. அங்கேதான் என் ரெண்டர் முழுப் பொய்யாக இருந்தது. கால்வாய் ஈரம் அடித்தளத்தின் வழியாக ஏறி, கல்லுக்குள் உப்பைக் கொண்டுவந்து விடுகிறது. வெயிலில் ஈரம் காயும்போது உப்பு பூத்து, கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கிறது. அந்தச் சுவரின் கீழ் வரிகளில் பிற்காலத்தில் யாரோ சிமென்ட் கலவையால் இடுக்கை அடைத்திருக்கிறார்கள். சிமென்ட் கெட்டி, கல் மென்மை. ஆகவே கல் உள்ளே போய்விட்டது, கலவை வலைப்பின்னல் போல வெளியே துருத்தி நிற்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இதுதான் நிலை. என் ரெண்டரிலோ அதே இடத்தில் கற்கள் துருத்தி, ஓரம் அழகாகத் தேய்ந்து நின்றன.

இதற்குத் தனி மாஸ்க் வரைய வேண்டியதில்லை. உயரச் சார்பை மாற்றினால் வளைவு தானே பின்தொடரும். குழுவுக்குள் நெளிந்த வெக்டரின் Y ஐ, அதாவது சுவரின் உயரத்தை எடுத்து, `Map Range` இல் 0.3 முதல் 0.7 மீட்டர் வரை உள்ளதை 0 முதல் 1 ஆக்குங்கள். பொருளின் ஒரிஜின் சுவரின் அடியில் இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது. அதை ஒரு `Mix` நோடின் காரணியாக்கி, A இல் `Fac`, B இல் 1 கழித்தல் `Fac` கொடுத்து, வருவதை `Height` ஆக்குங்கள். கீழே காரை 1, கல் 0. மேலே கல் 1, காரை 0. சரியாக 0.5 மீட்டர் உயரத்தில் இரண்டும் 0.5 ஆகி, கல்லும் காரையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே வளைவே இல்லை, தேய்மானமும் இல்லை.

இப்போது கீழ் வரிகளில் தேய்வது சிமென்ட் கலவையின் ஓரம். நிறத்தைக் கவனியுங்கள்: தேய்ந்த நிறம் என்று செம்மண் சிவப்பை மட்டும் வைத்திருந்தால் சிமென்ட் ஓரம் சிவந்துபோகும். தேய்ந்த கல்லுக்கு ஒரு நிறம், தேய்ந்த கலவைக்கு ஒரு வெளிர் சாம்பல் என்று இரண்டை வைத்து, `Fac` ஐக் கொண்டு தேர்ந்தெடுங்கள். அதற்காக அதையும் குழுவின் வெளியீடாகக் கொண்டுவாருங்கள். எல்லை நேர்க்கோடாகத் தெரிந்தால், `Map Range` க்குப் போகும் உயரத்தோடு, மீட்டருக்கு ஓர் அலை என்ற அளவில் ஒரு பெரிய நாய்ஸை 0.3 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலும் முதலில் 0.5 கழித்துவிட வேண்டும். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே உயரம் ஏறுவதில்லை. புகைப்படத்தில் கல்லும் காரையும் ஒரே மட்டத்தில் நிற்கும் வரியைத் தேடி, அது தரையிலிருந்து எத்தனையாவது வரி என்று எண்ணுங்கள். நான் எண்ணியபோது சில இடங்களில் ஐந்து, சில இடங்களில் ஏழு. ரெண்டரிலும் அதே வரிகளில் அது வரும்வரை 0.3, 0.7 இரண்டையும் நகர்த்தினேன்.